பழங்கடலின் வெப்பமானி

இன்றைய கடல்நீரின் வெப்பநிலையை அறிவதற்கு ஒரு வெப்பமானியை நீரில் இறக்கினாற் போதும். பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கடலில் வெப்பமானியை இறக்குவது யார்? அக்கடலின் அடிச்சேறு பாறையாக இறுகிவிட்டது. அதில் நீந்திய உயிர்கள் கல்லாகிவிட்டன. முருகைக்கல் காணப்படும் இடத்தில் ஒருகாலத்தில் வெப்பக் கடல் இருந்தது என்றும், பனிக்கட்டி உராய்ந்த தழும்புள்ள பாறை காணப்படும் இடத்தில் கடுங்குளிர் நிலவியது என்றும் புவிச்சரிதவியலார் நெடுங்காலமாக உய்த்துணர்ந்து கூறிவந்தனர். எத்தனை பாகை வெப்பம் என்று கேட்டால் அவர்களிடம் விடை இருக்கவில்லை.

அவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறும் வழி 1946 ஆம் ஆண்டில் ஒருவர் உள்ளத்தில் உதித்தது. சிப்பியின் ஓட்டிலும் சுண்ணக்கல்லிலும் அடங்கியுள்ள ஒட்சிசனே அவ்வழியின் அடிப்படை. ஆயினும் அந்த வெப்பமானி காட்டிய எண்ணின் முழுப் பொருளை அறிவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. கருவி பொய் சொல்லவில்லை. ஒரே வேளையில் இரு செய்திகளைச் சொல்லியது. அவ்விரண்டையும் பிரித்தறிந்த வரலாறே இங்கு கூறப்படுவது.

ஹரோல்ட் யூரி என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் 1931 இல் பார ஐதரசனைக் கண்டுபிடித்து, அதற்காக 1934 இல் நோபெற் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவர் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். 1946 இல் ஐரோப்பா சென்றபோது சுவிற்சலாந்தின் சூரிச் நகரில் சமதானிகளைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். ஒரே மூலகத்துக்குரிய அணுக்கள் சில, மற்றையவற்றினும் சற்றுப் பாரங் கூடியவையாக இருப்பதுண்டு. இரசாயனக் குணத்தில் ஒத்தும் திணிவில் வேறுபட்டும் உள்ள அவ்வணுக்களையே சமதானிகள் என்பர். ஒட்சிசன் அணுக்களிற் பெரும்பாலானவற்றின் திணிவு 16 ஆகும். ஏறத்தாழ ஐந்நூறு அணுக்களுக்கு ஒன்று மட்டும் 18 என்னும் திணிவுடையது.

அவ்விரிவுரையைக் கேட்டிருந்தவர்களுள் பவுல் நிக்லி என்னும் கனிப்பொருளியல் அறிஞரும் ஒருவர். மழைநீரில் உள்ள பார ஒட்சிசன் கடல்நீரில் உள்ளதிலும் சற்றுக் குறைவு. ஆதலால் நன்னீரில் உண்டான சுண்ணக்கல்லையும் கடலில் உண்டான சுண்ணக்கல்லையும் இந்த வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறிய முடியாதா என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். அக்கருத்து யூரியை வேறொரு வழியிற் சிந்திக்கத் தூண்டியது. நீரிலிருந்து சுண்ணப்பொருள் படியும்போது, பார ஒட்சிசன் சுண்ணப்பொருளிற் சிறிது கூடுதலாகச் சேர்கிறது. அக்கூடுதல் எவ்வளவு என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. நீர் குளிர்ந்திருந்தால் பார அணுக்கள் மிகுதியாகச் சேரும். வெப்பமாயிருந்தால் அம்மிகுதி குறையும். யூரி அதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். நீரில் 500 இலேசான அணுக்களுக்குப் பார அணு ஒன்று இருக்குமாயின், அந்நீரிற் படியும் சுண்ணப்பொருளில் பூச்சியப் பாகையில் 500க்கு 1.026 என்ற விகிதமும், 25 பாகையில் 500க்கு 1.022 என்ற விகிதமும் இருக்கவேண்டும் என்பது அவர் பெற்ற விடை. சிப்பி தன் ஓட்டைக் கட்டும் நாளிலேயே அந்நாளின் வெப்பநிலையையும் ஓட்டினுள் எழுதிவைக்கிறது என்பது அதனாற் புலனாயிற்று. எண்ணாத வேளையிற் பழங்கடலின் வெப்பமானி தம் கையில் வந்து சேர்ந்துவிட்டதை யூரி உணர்ந்தார்.

எண்ணுவது எளிது, அளப்பது அரிது. பூச்சியம் முதல் 25 பாகை வரை முழு வேறுபாடும் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே. அரைப் பாகை வேறுபாட்டை அறியவேண்டுமாயின், பதினாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டை ஐயமின்றி அளத்தல் வேண்டும். அக்காலத்துத் திணிவு நிறமாலைமானிகளுக்கு அத்துணை நுட்பம் இல்லை. ஆதலால் சாமுவேல் எப்ஸ்டைன், மக்கிறே, சார்ள்ஸ் மக்கினி முதலிய இளைஞர்களுடன் சேர்ந்து, கருவியைச் சீர்ப்படுத்துவதிலேயே யூரி சில ஆண்டுகளைச் செலவிட்டார்.

அவர்கள் வகுத்த முறை இதுவாகும். ஓட்டிலிருந்து சிறிது தூளைச் சுரண்டி எடுத்து, நீர் சிறிதும் கலவாத பொசுபோரிக்கமிலத்தில் இடுவர். தூள் கரைந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிவரும். அமிலத்தில் நீர் இருந்தால், அந்நீரின் ஒட்சிசனும் வாயுவின் ஒட்சிசனும் ஒன்றோடொன்று இடம் மாறிக் கணக்கைக் கெடுத்துவிடும். வெளிவந்த வாயுவின் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் ஊட்டிக் காந்தப் புலத்தினூடே செலுத்துவர். 44 என்னும் திணிவுள்ள மூலக்கூறுகள் மிகுதியாக வளைந்து ஒரு வழியே செல்லும். பார ஒட்சிசன் ஒன்றைத் தாங்கியவை 46 என்னும் திணிவுடையனவாதலாற் சற்றுக் குறைவாக வளைந்து வேறு வழியே செல்லும். இரண்டின் விகிதத்தைக் கருவி காட்டும். கருவி நேரத்துக்கு நேரம் சிறிது பிறழ்வது இயல்பு. ஆதலால் ஆராயவேண்டிய வாயுவையும், என்றும் மாறாத ஒரு நியம வாயுவையும் மாறி மாறி உட்செலுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொண்டனர். பிறழ்வு இரண்டையும் ஒருங்கே பாதித்தமையால் வேறுபாடு பிழையாகவில்லை. தென் கரோலினாவிலுள்ள பீடீ என்னும் பாறைப்படையில் எடுத்த பெலம்னைற்று என்ற ஓர் உயிரின் கல்லாகிய எச்சத்திலிருந்து அந்த நியம வாயு பெறப்பட்டது. அந்தக் கல் தீர்ந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் உலகெங்கும் இன்றுவரை அளவுகள் அதன் பெயராலேயே கூறப்படுகின்றன.

அளவுகோலைச் சரிபார்ப்பதற்கு உயிருள்ள சாட்சிகள் தேவைப்பட்டன. உயிரியலாளர் ரால்ப் புக்ஸ்போம், கடற்சிப்பி வகைகளைத் தொட்டிகளில் இட்டு, நீரின் வெப்பநிலையை மாறாது காத்து வளர்த்தார். அவை அங்கே புதிதாகக் கட்டிய ஓட்டை ஆராய்ந்தபோது, கருவி கூறிய எண்ணையும் தொட்டியில் இருந்த வெப்பமானி கூறிய எண்ணையும் ஒப்புநோக்க முடிந்தது. முதலிற் கிடைத்த விடைகள் செம்மையாக அமையவில்லை. ஓட்டினுள்ளே சுண்ணத்தோடு பின்னிக் கிடந்த உயிர்ப்பொருள் வாயுவை மாசுபடுத்துகிறது என்பது பின்னரே தெரியவந்தது. தூளை ஈலியம் வாயுவிற் சுட்டு அப்பொருளை நீக்கியதும் குழப்பம் தீர்ந்தது. 1953 இல் திருத்திய அளவுகோல் வெளியாயிற்று. அதன்படி, ஓட்டில் உள்ள பார ஒட்சிசன் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், நீர் ஏறத்தாழ நான்கு பாகை குளிர்ந்திருந்தது எனக் கொள்ளலாம்.

இதனிடையே 1951 இல் அறிஞர் உலகை வியப்பிலாழ்த்திய ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஸ்கை என்னும் தீவில் யுராசிக் காலத்துப் பெலம்னைற்று ஒன்று கிடைத்தது. பெலம்னைற்று என்பது கணவாய்க்கு உறவான ஒரு பழைய கடலுயிர். அதன் உடலினுள்ளே கூரிய கோல் போன்ற ஒரு சுண்ணப்பகுதி இருந்தது. மரத்தின் குறுக்குவெட்டிற் காணப்படுவனபோன்ற வளையங்கள் அக்கோலிலும் உள்ளன. யூரியும் அவருடைய துணைவர்களும் உள்ளிருந்து வெளிப்புறமாக ஒவ்வொரு படையையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தனர். வெப்பநிலை ஏறியும் இறங்கியும் மீண்டும் ஏறியும் ஒழுங்காக அலைந்து சென்றது. இளமைப் பருவத்துப் படைகள் ஆய்வுக்குப் போதிய அளவினவாக இல்லை; அதற்குப் பின் மூன்று கோடைகளும் நான்கு மாரிகளும் தெளிவாகப் பதிந்திருந்தன. அவ்வுயிர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. முதுமையிலும் பார்க்க இளமையில் வெப்பங் கூடிய நீரில் இருந்தது. இளவேனிற் காலமொன்றில் இறந்தது. கோடைக்கும் மாரிக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ ஆறு பாகை. சராசரி வெப்பநிலை 17.6 பாகை. மனித குலம் தோன்றுவதற்குப் பலகோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஓர் உயிரின் வாழ்க்கைக் குறிப்பு இவ்வாறு படிக்கப்பட்டது.

இக்குறிப்பில் ஒரு நுட்பம் உண்டு. சிப்பியோட்டிற் சேரும் பார ஒட்சிசனின் அளவு வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. அது வாழ்ந்த நீரில் முன்னமே எவ்வளவு பார ஒட்சிசன் இருந்தது என்பதையும் பொறுத்தது. அளக்கும் எண் ஒன்று. அறியவேண்டிய கணியங்கள் இரண்டு. ஸ்கைத் தீவின் கடல்நீர் இன்றைய கடல்நீரை ஒத்திருந்தது என்று கொண்டதனாலேயே 17.6 என்ற எண் கிடைத்தது. யுராசிக் காலத்திற் பெருநிலப் பனிக்கட்டிகள் இல்லாதிருந்தால், அன்றைய கடல்நீரிற் பார ஒட்சிசன் இன்றைக்கிருப்பதினும் ஆயிரத்தில் ஒரு பங்களவு குறைந்திருக்கும். அப்பொழுது உண்மையான சராசரி நான்கு பாகையளவு இறங்கிவிடும். ஆனால் கோடைக்கும் மாரிக்கும் இடையேயான ஆறு பாகை வேறுபாடு அத்தகைய ஐயத்துக்கு எளிதில் உட்படுவதன்று. நான்கு ஆண்டுகளில் கடல் முழுவதன் நீரும் தன்மை மாறுவதில்லை. ஆகவே அருகருகே நிகழ்ந்த மாற்றத்தை இவ்வெப்பமானி நன்கு கூறும். அறுதியான அளவைக் கூறும்போதுதான் நீரின் தன்மையை வேறு வழியால் அறியவேண்டும்.

நீரின் தன்மை ஏன் மாறுகிறது? கடல்நீர் ஆவியாகும்போது இலேசான ஒட்சிசனைத் தாங்கிய நீர்மூலக்கூறுகள் எளிதில் மேலெழுகின்றன. முகில் குளிர்ந்து மழை பொழியும்போது, பாரமானவை முந்தி விழுகின்றன. முகில் முனைவுப் பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல, எஞ்சியிருக்கும் ஆவி மேலும் மேலும் இலேசாகிறது. ஈற்றில் அங்கே உறைபனியாக வீழ்வது, கடல்நீரிலும் பார்க்க ஆயிரத்தில் 30 முதல் 50 பங்கு வரை பார ஒட்சிசன் குறைந்ததாயிருக்கும். அந்த உறைபனி உருகி ஆறாகக் கடலைச் சேருமாயின் கணக்கு நேராகிவிடும். உருகாது நிலத்தின்மீது மலைபோற் குவியுமாயின், இலேசான ஒட்சிசன் நிலத்திற் சிறைப்பட, கடலிற் பாரமானது மிகுந்து நிற்கும். இனி, சிறு பரப்பில் நிகழும் மாற்றங்களும் உண்டு. கங்கை முதலிய பேராறுகளின் நன்னீர் கலக்கும் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீரிற் பார ஒட்சிசன் குறைவு. அங்கு வளர்ந்த சிப்பியைத் திறந்த கடலிற் பிறந்ததாகக் கருதிக் கணக்கிட்டால், உண்மையிலும் கூடிய வெப்பநிலையே விடையாக வரும்.

இந்த இருபொருட் சிக்கலில் அகப்பட்டவர் செசாரே எமிலியானி. 1922 இல் இத்தாலியின் பொலோனா நகரிற் பிறந்த இவர், சிக்காக்கோவுக்கு வந்து யூரியின் குழுவிற் சேர்ந்தார். கடலின் ஆழத்திற் படிந்துள்ள சேற்றில் போராமினிபரா எனப்படும் நுண்ணிய உயிர்களின் சுண்ண ஓடுகள் எண்ணற்றுக் கிடக்கின்றன. மணற்பருமனுள்ள அவ்வுயிர்களுட் சில, நீரின் மேற்பரப்பில் மிதந்து வாழ்பவை. இறந்தபின் அவற்றின் ஓடுகள் ஆழத்துக்கு வீழ்ந்து ஆண்டாண்டாகச் சேற்றிற் படையும். நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி மண் கலையாமல் மேலே எடுத்தால், மேலிருந்து கீழாகக் காலம் பின்னோக்கிச் செல்லும் ஒரு சுவடி கிடைக்கும். 1947 முதல் 1948 வரை அல்பட்ரோஸ் என்னும் கப்பலிற் சென்ற சுவீடன் நாட்டு ஆழ்கடல் ஆய்வுக்குழு எடுத்துவந்தவை உட்பட, இத்தகைய சேற்றுத் தண்டுகள் சிலவற்றை எமிலியானி ஆராய்ந்து 1955 இல் தம் முடிவை வெளியிட்டார்.

அம்முடிவு பழைய கொள்கையொன்றைச் சாய்த்தது. உலகில் நான்கு பனிக்கட்டிக் காலங்களே நிகழ்ந்தன என்று பாடநூல்கள் கூறிவந்தன. எமிலியானியின் சேற்றுத் தண்டுகளிலோ அதனினும் பல ஏற்ற இறக்கங்கள் ஒழுங்காகத் தோன்றின. வெப்பமான காலங்களுக்கு ஒற்றை எண்ணும், குளிர்ந்த காலங்களுக்கு இரட்டை எண்ணும் அவர் இட்டார். அந்த எண்களே இன்றும் வழங்குகின்றன. கரிபியன் கடலின் மேற்பரப்பு பனிக்காலத்தில் ஏறத்தாழ ஆறு பாகை குளிர்ந்தது என்றும் அவர் கூறினார். நிலப் பனிக்கட்டியால் நீரின் தன்மை மாறும் என்பதை அவர் மறக்கவில்லை. ஆயினும் அம்மாற்றத்துக்கு ஆயிரத்தில் 0.4 பங்கு அளவே கழித்தால் போதும் என மதிப்பிட்டு, எஞ்சிய அனைத்தையும் வெப்பநிலைக்கு உரியதாக்கினார்.

இம்மதிப்பீட்டைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிக்கொலஸ் ஷாக்கில்டன் என்பவர் மறுபரிசீலனை செய்தார். மேற்பரப்பில் மிதக்கும் உயிர்களோடு, கடலடிச் சேற்றிலேயே வாழும் போராமினிபராக்களையும் ஆராய்ந்தால் உண்மை புலப்படும் என்று அவர் எண்ணினார். கடலடியில் வாழ்பவை சேற்றிற் சிலவே கிடைக்கும்; அவற்றின் எடையோ அற்பம். ஆதலால் மிகச் சிறு அளவையும் ஆராயத்தக்கதாகத் தம் கருவியை அவர் திருத்தியமைத்தார். 1967 இல் வெளியான அவருடைய வாதம் எளிமையும் வலிமையும் வாய்ந்தது. ஆழ்கடல் நீர் இன்றே உறைநிலைக்கு அண்மையில் உள்ளது. கடல்நீர் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ இரண்டு பாகையில் உறைந்துவிடும். ஆகவே கடலடியில் வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்குவதற்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் கடலடி உயிர்களின் ஓட்டிலும் மேற்பரப்பு உயிர்களின் ஓட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவான மாற்றமே காணப்பட்டது. அம்மாற்றம் வெப்பநிலையால் உண்டானதன்று எனின், அது நீரினாலேயே உண்டாகியிருக்க வேண்டும். எமிலியானியின் வளைகோடு பெரும்பாலும் கடலின் வெப்பத்தைக் கூறவில்லை. நிலத்தின்மீது குவிந்திருந்த பனிக்கட்டியின் அளவைக் கூறியது.

இதனை ஓர் எளிய கணக்காலும் காட்டலாம். கடைசிப் பனிக்காலத்திற் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. கடலின் சராசரி ஆழம் 3,700 மீற்றர் அளவு. ஆகவே கடல்நீரில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்றுக் கூடிய அளவு பனிக்கட்டியாக நிலத்திற் கிடந்தது. அப்பனிக்கட்டியில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 32 பங்கு பார ஒட்சிசன் குறைவாயிருந்தது எனக் கொண்டால், நூற்றில் மூன்றேகால் பங்கை 32 ஆற் பெருக்க, ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு வருகிறது. பனிக்காலத்துக் கடல்நீரிற் பார ஒட்சிசன் அந்த அளவு கூடியிருக்க வேண்டும். இனி, பனிக்காலத்து ஓடும் இன்றைய ஓடும் ஆயிரத்தில் 1.7 பங்கு வேறுபடுவதாகக் கொள்க. எமிலியானியைப்போல் 0.4 ஐக் கழித்தால் 1.3 எஞ்சும், அது ஐந்தரைப் பாகைக் குளிர்ச்சிக்குச் சமன். ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 0.7 மட்டுமே, அது மூன்று பாகை. ஒரே ஓடு, ஒரே அளவு. நீரைப்பற்றிய எடுகோள் மாறியதும் பனிக்காலத்துக் கடலின் குளிர்ச்சி பாதியளவாகிவிடுகிறது.

எமிலியானி தம் கருத்தை எளிதிற் கைவிடவில்லை. விவாதம் பல்லாண்டு தொடர்ந்தது. ஷாக்கில்டனின் தொடக்க மதிப்பீடோ நீரின் பங்கை மிகைப்படுத்தியது. நடுநிலையான விடை கடலடிச் சேற்றிலிருந்தே வந்தது. சேற்றின் துளைகளினுள்ளே பனிக்காலத்துக் கடல்நீர் அகப்பட்டு, மெல்ல மெல்லப் பரவியபோதிலும் முற்றாகக் கலந்துவிடாமல் இன்றும் சுவடு காட்டுகிறது. டானியல் ஷ்ராக் முதலியோர் அந்நீரை நேரே அளந்து 1996 இல் தம் முடிவை வெளியிட்டனர். நீரில் நிகழ்ந்த மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்களவு என்பது அம்முடிவு. எமிலியானி குறைத்து மதித்தார். ஷாக்கில்டன் கூட்டி மதித்தார். ஆயினும் பெரும்பங்கு பனிக்கட்டிக்கே உரியது என்ற ஷாக்கில்டனின் அடிப்படைக் கருத்து நிலைத்தது.

வெப்பமானியின் குறை எனத் தோன்றியது பின்னர் அதன் பெருநிறையாயிற்று. வெப்பநிலை கடலுக்குக் கடல் வேறுபடும். உலகக் கடல்கள் ஒன்றோடொன்று கலப்பதற்கு ஆயிரம் ஆண்டளவே போதுமாதலால், பனிக்கட்டியால் நீரில் உண்டாகும் மாற்றம் எல்லாக் கடல்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பதியும். ஆகவே வெவ்வேறு கடல்களின் சேற்றுத் தண்டுகளை அருகருகே வைத்து ஒரே காலத்துப் படைகளை இனங்காண முடிந்தது. 1973 இல் ஷாக்கில்டனும் நீல் ஒப்டைக்கும் மேற்குப் பசிபிக்கிலிருந்து எடுத்த தண்டொன்றில், புவியின் காந்தமுனைகள் இடம்மாறிய குறியை 12 மீற்றர் ஆழத்திற் கண்டு, வளைகோட்டுக்குக் காலக்கணக்கும் வகுத்தனர். 1976 இல் ஜேம்ஸ் ஹேஸ், ஜோன் இம்பிரி, ஷாக்கில்டன் ஆகிய மூவரும் தென் இந்து சமுத்திரத்திற் பெற்ற இரு தண்டுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 23,000, 41,000, 100,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளும் அசைவுகளைக் கண்டனர். புவியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையும் மாறும் கால அளவுகளோடு அவை பொருந்தின. பனிக்காலங்களின் தாளத்தைப் புவியின் இயக்கமே வகுக்கிறது என்பது அதனால் வலுப்பெற்றது.

இதுவரை கூறியது மாசுபடாத ஓடுகளின் செய்தி. ஓடும் சுண்ணக்கல்லும் பிற்காலத்தில் மாறிவிடுமாயின் இன்னொரு துன்பம் நேரும். சுண்ணப்பொருள் நீரிற் சிறிது கரைந்து, மீண்டும் அதேயிடத்திற் படிவது உண்டு. மழைநீர் ஊறிய நிலத்திலோ, வெப்பமிகுந்த ஆழ்நிலத்திலோ அவ்வாறு மீளப்படியும்போது பார ஒட்சிசன் குறைகிறது. அத்தகைய கல்லை ஆராய்பவர் பழங்கடல் கொதிநீரை அண்மியிருந்தது என்று மயங்க நேரிடும். மிகப் பழைய சுண்ணக்கற்களை நேராகக் கணக்கிட்டால் 60, 70 பாகை வெப்பம் விடையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பலர் கருத்து.

எதிர்மாறான மயக்கமும் உண்டு. கடலின் மேற்பரப்பில் வெப்ப நீரிற் பிறந்த ஓடு, ஆழ்கடற் சேற்றில் வீழ்ந்தபின் அங்குள்ள குளிர்நீரில் மீளப்படிந்தால் பார ஒட்சிசன் கூடிவிடும். வெப்பக் கடல் குளிர்ந்த கடலாகத் தோன்றும். முனைவுகள் மிக வெப்பமாயிருந்த இயோசீன் காலத்தில், அயன மண்டலக் கடல் இன்றைக்கிருப்பதினும் குளிராயிருந்தது என ஆழ்கடல் ஓடுகள் கூறிவந்தன. இப்புதிர் அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. 2001 இல் பவுல் பியர்சனும் அவர் துணைவர்களும் தன்சானியா முதலிய இடங்களின் களிமண்ணிற் புதைந்திருந்த ஓடுகளை ஆராய்ந்தனர். களிமண் நீரை ஊடுருவ விடாது காத்தமையால் அவ்வோடுகள் கண்ணாடிபோலத் தெளிந்து, தோன்றிய நாளின் நிலையிலேயே இருந்தன. அவை கூறிய வெப்பநிலை 28 முதல் 32 பாகை வரையாக இருந்தது. கடல் குளிர்ந்திருக்கவில்லை, பழைய சாட்சிகளே உருமாறியிருந்தன.

சாட்சி உருமாறியதா என்பதைத் தேர்ந்தறியும் வழிகள் சில உள்ளன. சிப்பிகள் பலவற்றின் ஓடு அரகனைற்று என்னும் படிக வடிவில் அமைந்தது. காலப்போக்கில் அது கல்சைற்று என்னும் வடிவாக மாறும். ஆகவே அரகனைற்று இன்னும் எஞ்சியிருப்பின் ஓடு பெரிதும் மாறவில்லை எனத் துணியலாம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஓட்டின் மெல்லிய அடுக்குகள் கலையாமல் தெரிகின்றனவா என்று பார்ப்பர். இலத்திரன் கற்றையை அதன்மீது செலுத்தும்போது செம்மஞ்சள் ஒளி எழுமாயின், நிலத்தடி நீரிலிருந்து மங்கனீசு உட்புகுந்தது என அறிந்து அப்பகுதியை நீக்குவர். ஸ்கைத் தீவின் பெலம்னைற்றிற் கோடையும் மாரியும் ஒழுங்காக மாறி மாறித் தோன்றியதும் அத்தகைய ஒரு சான்றே. முழுவதும் உருமாறிய கல்லில் பருவங்களின் அலை அழிந்து, எங்கும் ஒரே எண்ணே வந்திருக்கும்.

ஒரே எண்ணில் இரு கணியங்கள் மறைந்திருக்கும் பழஞ்சிக்கலுக்கும் ஒரு வழி பிறந்தது. யூரியின் மாணவர் வழிவந்த எப்ஸ்டைன் 1952 இற் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்துக்குச் சென்று பணியாற்றினார். அதே நிறுவகத்தில் ஜோன் ஐலரும் பிரசென்ஜித் கோஷும் அவர்கள் துணைவர்களும் 2006 இற் புதிய வெப்பமானி ஒன்றை வெளியிட்டனர். பார ஒட்சிசனும் பாரக் காபனும் ஒரே மூலக்கூறில் அருகருகே இணைந்திருப்பதை அது எண்ணுகிறது. குளிரில் அவ்விணைவு மிகும், வெப்பத்திற் குறையும். இவ்விணைவு கல்லினுள்ளேயே நிகழ்வது. நீரில் எவ்வளவு பார ஒட்சிசன் இருந்தது என்பதை அறியாமலே வெப்பநிலையை அறியலாம். அதன்பின் யூரியின் முறையையும் சேர்த்தால் நீரின் தன்மையையும் கணக்கிட்டு விடலாம். ஆனால் அத்தகைய வாயு மூலக்கூறுகள் பத்து இலட்சத்துக்கு 45 அளவிலேயே உள்ளன. அளப்பதற்கு நெடுநேரமும் மிகுந்த கவனமும் வேண்டும். ஆழப் புதைந்து நூறு பாகைக்கு மேல் நெடுங்காலம் வெந்த கல்லில் அவ்விணைவுகளும் கலைந்துவிடும்.

ஆகவே பழங்கடலின் வெப்பநிலை இத்தனை பாகை என்று ஒருவர் கூறுமிடத்து, இரு கேள்விகளைக் கேட்டுத்தான் அதனை ஏற்கவேண்டும். ஓடு தோன்றிய நாளின் நிலையிலேயே இருக்கிறதா? அது வாழ்ந்த நீரின் தன்மை எவ்வழியால் அறியப்பட்டது? முதற் கேள்வியைப் பியர்சன் கேட்டமையால் இயோசீன் காலத்து அயனக் கடல் தன் வெப்பத்தை மீளப்பெற்றது. இரண்டாம் கேள்வியை ஷாக்கில்டன் கேட்டமையால், கரிபியன் கடலின் ஆறு பாகைக் குளிரிற் பெரும்பங்கு வட நிலங்களின்மீது குவிந்திருந்த பனிக்கட்டியாக உருமாறியது.